ஏரிஸ் என்றால் மேஷம். ஆனால் ஏரிஸ்காரர் மேஷ ராசிக்காரர் ஆகிவிட மாட்டார்

பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதக நோட்டைக் கொண்டுவருவது குறைவு. செல்போனில் ஒரு பயோடேட்டாவைக் காட்டுகிறார்கள். அப்படி அண்மையில் வந்த ஒரு பெண்ணின் பயோடேட்டாவில் ‘நட்சத்திரம்: உத்திரம், ராசி: மேஷம்’ என்று இருந்தது. இதில் தவறு இருக்கிறது என்று கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். மேஷத்துக்குள் அடங்குபவை அசுவினி, பரணி, கார்த்திகையின் முதல் பாதம் மட்டும்தான். உத்திரத்தின் முதல் பாதம் சிம்மத்திலும் மற்ற மூன்று பாதங்கள் கன்னியிலும் வரும். எப்படிப் போனாலும் உத்திரம் மேஷத்துக்கு வராது.

எங்கிருந்து இந்த மேஷம் வந்தது என்று பெண்ணின் அம்மாவிடம் கேட்டேன். “அவ ஏரிஸ் சார். மார்ச் கடைசியில பொறந்தவ. ஏரிஸ்னா மேஷம்தானே?” என்றார்.

அவர் சொன்ன மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை. அகராதியில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். அப்படியும் ராசி மாறிப்போகிறது. இந்தக் குழப்பம் வாரந்தோறும் என் மேசைக்கு வருவதால், பெயர்களின் கதையிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

நாம் ராசிகளுக்குச் சொல்லும் பன்னிரண்டு பெயர்களும் வடமொழியிலிருந்து வந்தவை. மேஷ என்றால் ஆட்டுக்கடா. லத்தீனில் ஏரிஸ் என்றாலும் ஆட்டுக்கடாதான். ரிஷபம் காளை, டாரஸும் காளை. வடமொழி ஜோதிட நூல்கள் பெரும்பாலும் விருஷப என்று எழுதும், நம்மிடம் நிலைத்தது ரிஷபம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. பழைய தமிழ் நூல்களில் வரும் மேடம், இடபம் என்பவையும் இவையேதான். வருஷம் வருடம் ஆனதுபோல ‘ஷ’ அங்கே ‘ட’ ஆகியிருக்கிறது. கர்க்கடக என்ற நண்டு தமிழில் கடகம் ஆனது, லத்தீனில் அது கான்சர். சிம்ஹ சிம்மம், லத்தீனில் லியோ. கன்யா கன்னி, லத்தீனில் விர்கோ. துலா என்பது தராசு, லிப்ராவும் தராசுதான். விருச்சிகமும் ஸ்கார்ப்பியோவும் தேள். மீன, பைசிஸ் இரண்டும் மீன். இந்த மீன் மட்டும் திராவிட மொழியிலிருந்து வடமொழிக்குப் போய், அங்கிருந்து ராசிப் பெயராக நம்மிடமே திரும்பியது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

மீதி நான்கில்தான் சிறு வேறுபாடுகள். மிதுனம் என்றால் ஆணும் பெண்ணுமான இணை. லத்தீன் ஜெமினி இரட்டைப் பிள்ளைகள். தனுஸ் என்றால் வில். சாஜிடேரியஸ் அம்பு எய்பவன். கும்ப என்றால் குடம். அக்வேரியஸ் தண்ணீர் சுமப்பவன். மகரம் நம் கோயில் தோரணங்களில் வாய் பிளந்து நிற்கும் நீர்விலங்கு; கேப்ரிகார்ன் என்பதற்கோ ஆட்டுக்கொம்பு என்று பொருள்.

வேறுபாடு என்று சொன்னாலும் உள்ளே போய்ப் பார்த்தால் அதுவும் கரைந்துவிடுகிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ராசிகளின் உருவங்களை வர்ணிக்கிறார். அவர் சொல்லும் தனுசு வெறும் வில் இல்லை. வில் ஏந்திய மனிதன், அவனுக்கு இடுப்புக்குக் கீழே குதிரை உடல். கிரேக்கர்கள் வரைந்த சாஜிடேரியஸும் அதே பாதிக் குதிரை மனிதன்தான். அவருடைய கும்பம் குடம் ஏந்திய மனிதன். மகரத்துக்கு மான் முகம். மேற்கே கேப்ரிகார்னை முன்பாதி ஆடு, பின்பாதி மீன் என்று வரைவார்கள். பாபிலோனியர் காலத்துப் படம் அது. கன்னி, கையில் தானியக் கதிரும் நெருப்பும் கொண்டு படகில் இருப்பவள். லத்தீன் விர்கோவின் கையிலும் கதிர் உண்டு. அந்தக் கதிர் இருக்கும் இடத்தில் ஒளிரும் நட்சத்திரத்துக்கு ஸ்பைகா, அதாவது கதிர், என்றே பெயர். நாம் அதைச் சித்திரை என்கிறோம்.

அதே அத்தியாயத்தில் வராகமிகிரர் ராசிகளுக்கு இன்னொரு பெயர் வரிசையும் தருகிறார். கிரிய, தாவுரி, ஜிதும என்று தொடங்கும் வரிசை அது. வடமொழியில் இவற்றுக்கு வேர் தேடினால் கிடைக்காது. கிரேக்கத்தில் மேஷத்துக்குக் கிரியோஸ், ரிஷபத்துக்குத் தௌரோஸ், மிதுனத்துக்குத் திதிமோய். கன்னிக்கு அவர் தரும் பாதோன என்பது பார்த்தெனோஸ். மகரத்துக்குத் தரும் ஆகோகேர என்பது ஐகோகெரோஸ். யவனரிடமிருந்து வந்ததை அவர் ஒளிக்கவில்லை, பெயரோடு பதிவுசெய்கிறார்.

வானத்துப் பாதையை 30 பாகை வீதம் 12 சம பங்காகப் பிரித்தவர்கள் பாபிலோனியர்கள். அது கிரேக்கர்களிடம் போனது. அங்கிருந்து ஒரு கிளை ரோமுக்குப் போய் லத்தீன் ஆனது, மற்றொரு கிளை இந்தியாவுக்கு வந்து வடமொழி ஆனது. அதனால்தான் ஏரிஸும் மேஷமும் ஒரே படமாக இருக்கின்றன. தமிழுக்கும் இந்த வட்டம் புதிதில்லை. சங்க நூலான நெடுநல்வாடை, சூரியன் செல்லும் வழியை ‘ஆடு தலையாக’ என்கிறது. மேஷத்தை முதலாகக் கொண்ட பாதை என்று அதற்குப் பொருள்.

சரி, ஒரே படம், ஒரே வரிசை. அப்புறம் எங்கே தவறு நடக்கிறது? எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்.

மேற்கத்திய முறையில், வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் புள்ளிதான் ஏரிஸின் தொடக்கம். மார்ச் 20 அல்லது 21 அது. இதைச் சாயனம் என்போம். நம் பஞ்சாங்கங்கள் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகின்றன, அது நிராயனம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சமநாள் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு தொடக்கங்களுக்கும் உள்ள இந்த இடைவெளிக்குத்தான் அயனாம்சம் என்று பெயர். மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அளித்த அறிக்கை, மேலே சொன்ன அதே சித்திரை நட்சத்திரத்தை அடையாளமாக வைத்து இந்த இடைவெளியைக் கணக்கிட்டது. லஹிரி அயனாம்சம் என்று மென்பொருள்களில் பார்ப்பது அதைத்தான். அந்தக் கணக்குப்படி இரண்டு முறைகளும் ஏறத்தாழ கி.பி. 285இல் ஒன்றாக இருந்தன. இன்று 24 பாகை விலகியிருக்கின்றன. ஒரு ராசிக்கு 30 பாகைதான் என்பதை நினைவில் வைத்தால், இது எவ்வளவு பெரிய விலகல் என்று புரியும்.

இதைப் பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்திருக்கிறோம், சேர்த்துப் பார்த்ததில்லை. டிசம்பர் 22 வாக்கில் சூரியன் மகர ரேகைக்கு நேர் மேலே நிற்கிறது என்று புவியியல் பாடம் சொல்கிறது. சூரியன் மகரத்தில் நுழையும் மகர சங்கராந்தியையோ நாம் ஜனவரி 14 அல்லது 15இல் பொங்கலாகக் கொண்டாடுகிறோம். மகர ரேகை என்ற பெயர் சாயனக் கணக்கைச் சேர்ந்தது, பொங்கல் நிராயனக் கணக்கைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மூன்று வாரச் சொச்சம்தான் அந்த 24 பாகை.

இப்போது அந்தப் பெண்ணின் ஜாதகம்போல அமைந்த ஒரு தேதியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 1999 மார்ச் 31, காலை 6 மணி, தமிழ்நாடு. அன்று சாயன முறையில் சூரியன் ஏரிஸில் சுமார் 10 பாகையில் இருந்தது. அதனால் ஆங்கிலப் பத்திரிகையின்படி அந்தக் குழந்தை ஏரிஸ், சந்தேகமில்லை. அதிலிருந்து அயனாம்சம் 24 பாகையைக் கழித்தால் மேஷத்துக்கே 14 பாகை பின்னால் போய்விடுகிறது. அதாவது சூரியன் மீனத்தில் 16 பாகை. பங்குனி மாதம் முழுக்கச் சூரியன் மீனத்தில்தான் இருக்கும் என்பதால் பஞ்சாங்கத்தோடும் இது பொருந்துகிறது. அப்படியானால் குழந்தை மீன ராசியா? அதுவும் இல்லை.

இதுதான் இரண்டாவது பள்ளம், முதலாவதைவிட ஆழமானது. ஆங்கிலத்தில் ‘நான் ஏரிஸ்’ என்கிறவர் சூரியன் இருக்கும் இடத்தைச் சொல்கிறார். தமிழில் ‘நான் மேஷ ராசி’ என்கிறவர் சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்கிறார். மறுநாள் விடியுமுன் பௌர்ணமி என்பதால், அன்று காலை சந்திரன் சூரியனுக்குக் கிட்டத்தட்ட எதிரே, உத்திர நட்சத்திரத்தில், கன்னியில் இருந்தது. ஆகவே ராசி கன்னி. சூரிய உதய வேளை என்பதால் லக்னம் சூரியன் நிற்கும் மீனமேதான். ஒரே குழந்தைக்கு ஏரிஸ், மீனம், கன்னி என்று மூன்று பெயர்கள் சரியாகவே வருகின்றன. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான பதில்.

பயோடேட்டாவில் ஏரிஸை மேஷமாக்கி எழுதினால், ராசி அதிபதி புதனுக்குப் பதில் செவ்வாய் ஆகிவிடுகிறது. ராசிப் பொருத்தம், வசியம், ராசி அதிபதிப் பொருத்தம் எல்லாமே தவறான இடத்திலிருந்து எண்ணப்படும். ஜாதகத்தை நம்புகிற இரண்டு குடும்பங்கள் இல்லாத காரணத்துக்காக விலகிப் போவதைப் பார்க்கிறபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நம்பாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: எதிர்த்தரப்பு நம்பக்கூடும், ஆகவே சரியானதை எழுதிவிடுங்கள்.

எழுதும்போது நட்சத்திரத்தையும் பாதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு ராசிக்கு ஒன்பது பாதங்கள் என்பதால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று யாரும் சரிபார்க்கலாம். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் விர்கோ என்று எழுதாமல் கன்னி என்ற ஒலியையே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் பயோடேட்டாக்களில் இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் அங்கே பலர் ஏதாவது ஒரு செயலியில் பிறந்த நேரத்தைப் போட்டு வருவதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் செயலி எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு ஆண்டின் ஜனவரி 5ஆம் தேதியை உள்ளிட்டு, சூரியன் எந்த ராசியில் இருப்பதாகக் காட்டுகிறது என்று பாருங்கள். அது மார்கழி மாதம். தனுசு என்று வந்தால் நம் நிராயனக் கணக்கு. மகரம் என்று வந்தால் சாயனம்; அமைப்புகளுக்குப் போய் அயனாம்சத்தை லஹிரி என்று மாற்றிய பிறகு, சந்திரன் இருக்கும் கட்டத்தின் பெயரை ராசி என்று எழுதிக்கொள்ளுங்கள்.