ஷார்ட் செய்த கேபிள் துண்டு: காயிலா, கெப்பாசிட்டரா?

காரைக்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 145 மெகாஹெர்ட்ஸ் ஹாம் ரேடியோ ஆன்டெனா ஒன்று வைத்திருக்கிறேன். காற்றடிக்கும்போது அதில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்க, அதன் அடியில் ஒரு கேபிள் துண்டை இணையாகச் சேர்த்து, துண்டின் மறுமுனையில் நடுக்கம்பியையும் மேல் பின்னலையும் ஒன்றாகப் பற்றவைத்தேன். நேர்மின்சாரத்துக்கு அது வெறும் ஷார்ட். நீளம் சரியாகக் கால் அலைநீளமாக இருந்தால், 145-க்கு மட்டும் அது இல்லாதது போலவே தோன்றும். ஆனால் அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர், 1-ஐ ஒட்டி இருந்தது, 2.7-க்கு ஏறிவிட்டது; எதுவும் திரும்பாவிட்டால் அது 1.

காரணத்தைப் புரிந்துகொள்ள, வளவுத் தேக்குத் தூணில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை உதறிப் பாருங்கள். மேடாகப் போகும் அலை தூணில் பட்டுப் பள்ளமாகத் திரும்பும். கட்டிய இடம் அசையவே அசையாது. ஷார்ட் செய்த முனையிலும் அதுவேதான்: மின்னழுத்தம் அங்கே சுழியம், மின்னோட்டம் உச்சம். அங்கிருந்து பின்னோக்கி வர வர மின்னழுத்தம் கூடுகிறது, மின்னோட்டம் குறைகிறது. கால் அலைநீளத்தில் மின்னோட்டம் சுழியமாகிறது. மின்னழுத்தம் இருந்தும் மின்னோட்டம் இல்லை, அதாவது திறந்த சுற்று.

அதற்குக் குறைவான துண்டில் மின்னோட்டம் மிகுந்த பகுதியே அதிகம். காந்த ஆற்றல் ஓங்குவதால் அது காயில். கால் அலைநீளத்தைத் தாண்டினால் மின்னழுத்தம் மிகுந்த பகுதியும் சேர்ந்து, மின்புல ஆற்றல் ஓங்கி, அரை அலைநீளம் வரை அது கெப்பாசிட்டர். இழப்பை விட்டுவிட்டால், துண்டின் வாயிலில் தெரியும் மின்மறுப்பு Zin-க்குக் கணக்கு ஒரே வரி. Z0 கேபிளின் இயல்பு மின்மறுப்பு, l துண்டின் நீளம், βl அந்த நீளத்தைக் கோணமாகச் சொல்வது, முழு அலைநீளத்துக்கு 360 டிகிரி. j-யோடு வரும் எண் நேராக இருந்தால் காயில், எதிராக இருந்தால் கெப்பாசிட்டர்:

```
Zin = j Z0 tan(βl)
```

சரி, என் துண்டுக்கு வருவோம். காற்றில் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர், அதில் கால் பங்கு என்று 51.7 செ.மீ. வெட்டியிருந்தேன். ஆனால் ஆர்ஜி-58 கேபிளுக்குள் அலையின் வேகம் ஒளிவேகத்தில் 0.66 பங்குதான். உள்ளே அலைநீளம் 1.365 மீட்டராகச் சுருங்குவதால், என் துண்டு 0.379 அலைநீளம் ஆகிவிட்டது. கோணம் 136 டிகிரி, அதன் டேன்ஜென்ட் ஏறத்தாழ -0.95. 50 ஓம் கேபிளில் அது -j48 ஓம், அதாவது 23 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர். ஆன்டெனாவின் 50 ஓமுக்கு இணையாக அது உட்கார்ந்தால் கணக்கிலும் எஸ்டபிள்யூஆர் 2.7-தான் வருகிறது.

அதே கேபிளை 17 செ.மீ. வெட்டினால் 55 நானோஹென்றி காயில். ஆனால் கடையில் வாங்கும் காயில், கெப்பாசிட்டர் போல இந்த மதிப்புகள் நிலையாக நிற்காது. என் 51.7 செ.மீ. கெப்பாசிட்டரையே 72.5 மெகாஹெர்ட்ஸில் அளந்தால் காயிலாக மாறியிருக்கும்.

சரியான நீளம் 34.1 செ.மீ. கேபிளில் இழப்பு உண்டு என்பதால் அங்கேயும் முழுத் திறந்த சுற்று கிடைக்காது, சில ஆயிரம் ஓம்தான் கிடைக்கும். 50 ஓமுக்கு அருகே அது பொருட்டில்லை. வேக விகிதம் கேபிளுக்குக் கேபிள் கொஞ்சம் மாறுவதால் இப்போது நான் 36 செ.மீ. வெட்டிக்கொண்டு, முனையைப் பற்றவைக்காமல், ஒரு குண்டூசியைப் பின்னலும் நடுக்கம்பியும் சேரும்படி குறுக்கே குத்துகிறேன். எஸ்டபிள்யூஆர் பழைய இடத்துக்கு இறங்கும் வரை ஊசியை இடம் மாற்றிக் குத்திப் பார்த்து, அப்புறம் அங்கேயே வெட்டிப் பற்றவைக்கிறேன்.