பத்துக்கு ஒன்று இலவசம்: கணக்கு எங்கே உதைக்கிறது?

பினாங்கு பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கம் ஓர் அக்காவின் மளிகைக்கடை. மாதம் 4 பெட்டி பிஸ்கட் ஓடும். சேல்ஸ்மேனான எனக்கு ஒரு மாதக் கடைசியில் டார்கெட் இடித்தது. "அக்கா, 10 பெட்டி எடுத்தால் 1 இலவசம், பணம் 60 நாளில் கொடுங்கள்" என்று 11 பெட்டியை இறக்கினேன். கடையின் பின்பக்கம் ஏற்கெனவே 6 பெட்டி இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு பெட்டியில் 24 பாக்கெட், கடைக்கு 48 ரிங்கிட். அதாவது பாக்கெட் 2 ரிங்கிட், அக்கா விற்பது 2.50. விற்பனை விலையில் 20 விழுக்காடு லாபம். (வாங்கிய விலையில் பார்த்தால் 25. கடைக்காரரும் சேல்ஸ்மேனும் ஆளுக்கொரு கணக்கைப் பேசிச் சண்டை போடுவது வழக்கம். எதன் மேல் விழுக்காடு என்று முதலில் கேட்டுவிடுங்கள்.) இலவசப் பெட்டியைச் சேர்த்தால் பாக்கெட் 1.82 ஆகிறது. லாபம் 27 விழுக்காடு. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அதே சலுகை நாலு கடை தள்ளியிருந்த மினி மார்க்கெட்டுக்கும் போயிருந்தது. அவர்கள் நிறைய எடுத்தார்கள், 2.10-க்கு விற்றார்கள். அக்கா 2.20-க்கு இறங்கினார். லாபம் 17 விழுக்காடாகிவிட்டது, சலுகைக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. விலையை இறக்கியும் வாடிக்கையாளர்கள் சிலர் அங்கே நகர்ந்துவிட்டார்கள். மாத விற்பனை 3 பெட்டி. சரக்குக்கு இன்னும் 4 மாதம்தான் ஆயுள். இருந்த 17-ல் 12 போனது, 5 பெட்டி காலாவதி. ஏறக்குறைய 218 ரிங்கிட். காலாவதிச் சரக்குக்குக் கம்பெனி ஒதுக்கிய வரம்பு முன்பே தீர்ந்திருந்ததால், அது விநியோகஸ்தர் தலையில் விழுந்தது.

அவர் தலையில் விழுந்தது அது மட்டுமல்ல. உதாரணத்துக்கு, அவருடைய மாத விற்பனை 1 லட்சம் ரிங்கிட், லாபம் 8 விழுக்காடு என்று வையுங்கள். கையில் 8,000. லோரி, டீசல், ஆள், கிடங்கு வாடகை என்று 5,500 போனால் மிச்சம் 2,500, வருடத்துக்கு 30,000. இனி முதலீட்டைப் பாருங்கள். கிடங்கில் 30 நாள் சரக்கு, கடைகளில் 45 நாள் பாக்கி, கம்பெனி கொடுப்பது 30 நாள் கடன் என்றால் அவர் சொந்தப் பணம் சுமார் 1.5 லட்சம் முடங்குகிறது. அதன் மேல் 30,000 வந்தால் 20 விழுக்காடு. பரவாயில்லை. என்னைப் போன்றவர்கள் மாதக் கடைசியில் தள்ளித் தள்ளி, சரக்கு 45 நாளாகவும் பாக்கி 75 நாளாகவும் ஏறினால், முடங்கும் பணம் 3 லட்சத்தைத் தொடும். வருமானம் 10 விழுக்காடுதான். அதையும் வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்து ஓட்டினால் வட்டி போக என்ன தேறும்? 8 விழுக்காடு அப்படியே இருக்கும், மனிதர் மட்டும் கடனில் மூழ்குவார். விநியோகஸ்தர் "லாபம் போதவில்லை" என்று முறையிட்டால், விழுக்காட்டைக் கூட்டுவதற்கு முன் நாள்களை எண்ணச் சொல்வேன்.

சரி, நான் இப்போது செய்வது இதுதான். ஆர்டர் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பின்பக்கம் போய்ப் பெட்டியை எண்ணுகிறேன், தேதியையும் பார்க்கிறேன். ஒன்றரை மாத விற்பனையிலிருந்து கையிருப்பைக் கழித்தால் வருவதுதான் ஆர்டர். மாதம் 4 ஓடி, 3 கையில் இருந்தால் 3 பெட்டி போதும். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் அன்று அந்தப் பொருளுக்கு ஆர்டர் இல்லை, டார்கெட் என்னவானாலும்.

வசூலுக்கும் தேதி உண்டு. அந்தப் பக்கத்துக் கடைகள் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கடன் கொடுப்பவை. 555 புத்தகத்தில் பேர் பேராக எழுதி வைத்திருப்பார்கள். வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். ஆகவே 8, 9-ஆம் தேதிகளில்தான் அக்காவின் கல்லாவில் காசு இருக்கும். 25-ஆம் தேதி போய் நின்றுகொண்டு "கொடுக்கமாட்டேன் என்கிறார்" என்று குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பில் பாக்கி நிற்கும்போது மூன்றாவது பில் போடுவதில்லை.

தீபாவளிக்கு மட்டும் இதைத் தளர்த்துகிறேன். அப்போது மாத விற்பனை இரட்டிப்பாகும், சரக்கு முன்பே இறங்கியாக வேண்டும். அப்போதும் கடன் கெடு பண்டிகைக்கு அடுத்த சம்பளத் தேதி வரைதான், அதைப் பில்லிலேயே எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.