கெர்னல் பேனிக்: திரையின் கடைசி வரிக்கு முன்னால் நடந்தது என்ன?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் கணினிப் பராமரிப்பு வேலை செய்பவன் நான். அங்குள்ள ஒரு செம்பனை ஆலையில், குலை ஏற்றி வரும் லாரிகளை எடை பார்க்கும் மேடையோடு லினக்ஸ் கணினி ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. அது இரவில் நின்றுபோவதும், காலையில் யாராவது பொத்தானை அழுத்தி மீண்டும் எழுப்புவதும் மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தன. மின்சாரக் கோளாறு என்று நினைத்துப் புதிய யூ.பி.எஸ். வாங்கி வைத்தார்கள். அதன் பிறகும் கணினி நின்றது. அப்போதுதான் ஆலைக் கிராணி என்னை அழைத்து, “தம்பி, திரையில என்னமோ இங்கிலீஷ்ல எழுதி நிக்குது, வந்து பாருங்க” என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் வரிசையில் நின்ற லாரிகளுக்காக யாரோ கணினியை அணைத்துப் போட்டுவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது, திரையின் கடைசி வரியை மட்டும் எடுத்து ஒருவர் புலனத்தில் அனுப்பிய படம்தான்:

```
Kernel panic - not syncing: Fatal exception in interrupt
```

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு காரணம் சொல்ல முடியாது. இடர் வந்த நேரத்தில் லினக்ஸின் உட்கருவான கெர்னல், வன்பொருள் தன்னை உடனே கவனிக்கச் சொல்லி அனுப்பும் குறுக்கீடு ஒன்றைக் கையாண்டுகொண்டிருந்தது, ஆகையால் தொடர்ந்து ஓட வழியில்லாமல் தன்னை நிறுத்திக்கொண்டது என்பது மட்டுமே இதன் பொருள். எங்கே இடறியது, எதனால் இடறியது என்பதெல்லாம் இதற்கு மேலே இருந்த வரிகளில் இருந்தன. இரவில் நிற்கும் கணினியை வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால், அந்த வரிகளை எப்படிப் பிடித்தோம் என்பதையும் எப்படிப் படித்தோம் என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஊப்ஸுக்கும் பேனிக்குக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கெர்னல் தன் சொந்த நிரலை ஓட்டும்போது செல்லாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டால், அந்த நேரத்தில் இருந்த நிலையை முழுவதுமாக எழுதிவிட்டு, அப்போது ஓடிக்கொண்டிருந்த செயல்முறையை மட்டும் கொன்றுவிட்டு, கணினியைத் தொடர்ந்து ஓடவிடும். இதுதான் ஊப்ஸ். கொல்லக்கூடிய செயல்முறை எதுவும் இல்லாத இடத்தில் அதே பிழை நேர்ந்தால், அதாவது குறுக்கீட்டின் நடுவிலோ கணினியின் முதல் செயல்முறையான `init`-இலோ நேர்ந்தால், கெர்னல் முற்றாக நிற்கும். அது பேனிக்.

ஊப்ஸுக்குப் பிறகு கணினி ஓடுவதைப் பார்த்து அது நலமாக இருப்பதாக நினைத்துவிடுகிறோம். கொல்லப்பட்ட செயல்முறை பிடித்து வைத்திருந்த பூட்டுகள் திறக்கப்படாமலே கிடக்கலாம். கெட்டுப்போன நினைவகப் பகுதியை வேறொரு நிரல் சில நிமிடங்கள் கழித்து எடுத்துப் பயன்படுத்தலாம். ஆகவே முதல் ஊப்ஸ் ஓர் இடத்திலும், இறுதிப் பேனிக் அதோடு தொடர்பே இல்லாத இன்னோர் இடத்திலும் வருவது வழக்கம். பேனிக் வரியில் தென்படும் இயக்கியைக் குற்றவாளியாகக் கருதி வலையட்டையை மாற்றிவிட்டு, மறுவாரமும் அதே நிலையில் நிற்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தேட வேண்டியது முதல் ஊப்ஸை.

பேனிக் வரியில் வரும் `not syncing` என்ற சொற்களும் இதோடு தொடர்புடையவை. வட்டில் எழுதப்படாமல் நினைவகத்தில் காத்திருக்கும் தரவுகளை இனி வட்டுக்கு எழுதப் போவதில்லை என்று கெர்னல் அங்கே சொல்கிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்பு முறைமை கெட்டுவிடக்கூடும் என்பதால் அது சரியான முடிவே. ஆனால் அதன் விளைவாகப் பேனிக் செய்தி பதிவுக் கோப்பில் பெரும்பாலும் இருக்காது, திரையோடு போய்விடும். முதல் ஊப்ஸ் அப்படியல்ல. அதற்குப் பிறகும் கணினி சில நிமிடங்கள் ஓடியிருந்தால், பதிவுச் சேவை அதை வட்டில் எழுதி வைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை நின்றபோது இரவு வேலையில் இருந்த எடைமேடைத் தம்பி நான் சொல்லி வைத்தபடியே செய்தார். கணினியைத் தொடாமல், திரை முழுவதும் நான்கு ஓரங்களோடு தெரியும்படி நேராக நின்று கைப்பேசியில் மூன்று படங்கள் எடுத்து, மணி 1.48 என்றும் குறித்து அனுப்பினார். அந்தப் படத்தில் இரண்டு செய்திகள் கிடைத்தன.

ஒன்று, `Tainted: G      D` என்றிருந்த வரி. `G` என்பது மூடிய உரிமம் கொண்ட மாட்யூல் எதுவும் ஏற்றப்படவில்லை என்பதைக் காட்டும். `D` என்பது இதற்கு முன்பே இந்தக் கெர்னல் ஒருமுறை ஊப்ஸ் கண்டிருக்கிறது என்பதைக் காட்டும். ஆகவே திரையில் நாம் பார்ப்பது இரண்டாவதோ அதற்கும் பிந்தியதோ ஆன விபத்து.

மற்றொன்று பலர் அறியாதது. எக்ஸ்86 கணினிகளில் ஓடும் இன்றைய கெர்னல்கள், `end trace` என்ற வரிக்குக் கீழே செயலியின் பதிவேடுகளில் இருந்த மதிப்புகளை இன்னொரு முறை அச்சிடும். அவை இப்போது நேர்ந்த விபத்தின் பதிவேடுகள் அல்ல. முதல் ஊப்ஸ் மேலே உருண்டு மறைந்திருக்கலாம் என்பதற்காகக் கெர்னல் எடுத்து வைத்திருந்து மறுபடி காட்டும், முதல் ஊப்ஸின் பதிவேடுகள். எந்தக் கட்டளையில் இடறியது என்று காட்டும் பதிவேடு `RIP`. மேலே ஒரு `RIP`, கீழே வேறொரு `RIP` என்று இருந்தால் குழம்ப வேண்டாம். கீழே உள்ளதைக் கவனியுங்கள். கடைசி வரியை மட்டும் நெருக்கமாக எடுத்த முதல் படத்தில் நாங்கள் இழந்தது இதைத்தான்.

காலையில் கணினியை எழுப்பியதும் முந்தைய ஓட்டத்தின் கெர்னல் பதிவை எடுத்தேன்.

```
journalctl -k -b -1 > /root/oops.txt
```

இது வேலை செய்வதற்குப் பதிவுகள் வட்டில் தங்க வேண்டும். `/var/log/journal` என்ற அடைவு இல்லாத கணினிகளில் பதிவு நினைவகத்தில் மட்டும் இருந்து, அணைத்ததும் அழிந்துவிடும். அந்த அடைவை இன்றே உருவாக்கி வையுங்கள். இந்தக் கணினியில் அது இருந்தது. பேனிக்குக்கு 43 நிமிடம் முன்னதாக, 1.05-க்கு, முதல் ஊப்ஸ் பதிவாகியிருந்தது.

```
[65112.407318] general protection fault, probably for non-canonical address 0xfeff9c8a41c3d540: 0000 [#1] PREEMPT SMP NOPTI
[65112.407331] CPU: 1 PID: 23174 Comm: rsync Not tainted 6.1.0-18-amd64 #1
[65112.407346] RIP: 0010:__d_lookup_rcu+0x6a/0x1a0
```

`[#1]` என்பது இது முதல் ஊப்ஸ் என்பதையும், `Not tainted` என்பது அதற்கு முன் எதுவும் கெடவில்லை என்பதையும் உறுதிப்படுத்துகின்றன. `Comm` அந்த நேரத்தில் ஓடிய நிரலின் பெயர். இரவு ஒரு மணிக்குக் காப்புநகல் எடுக்கும் `rsync` அது. அது குற்றவாளி அல்ல. வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் தேடி நினைவகத்தை நிறைய உழுகிற நிரல் என்பதால் பழுதின்மேல் முதலில் கால் வைத்தது. கணினி ஏன் எப்போதும் இரவிலேயே நின்றது என்ற கேள்விக்கு விடை இதுதான். `RIP` வரியில் இருப்பது இடறிய செயற்கூறின் பெயரும், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இடறியது என்பதும், அதன் மொத்த நீளமும் ஆகும். கெர்னல் ஒவ்வொரு முறை எழும்போதும் வேறு முகவரியில் அமர்வதால், வெறும் எண் முகவரியைவிட இந்தப் பெயரும் தூரமும்தான் பின்னால் ஒப்பிட உதவும்.

என் கண்ணில் பட்டது அந்த நீண்ட முகவரிதான். 64 பிட் எக்ஸ்86 கெர்னலின் தரவு முகவரிகள் வழக்கமாக `ffff` என்று தொடங்கும். இங்கே `feff` என்று தொடங்குகிறது. மீதியெல்லாம் ஒழுங்கான முகவரியைப் போலவே இருக்கிறது. `ff` என்பது `fe` ஆக மாற வேண்டுமானால், 64 பிட்களில் ஒரே ஒரு பிட், 0-விலிருந்து எண்ணினால் 56-ஆவது, ஒன்றிலிருந்து சுழியமாக மாறியிருக்க வேண்டும். நிரலில் உள்ள பிழை சுட்டிகளைக் கெடுக்கும்போது பெரும்பாலும் முழு எண்ணே சுழியமாகும், அல்லது வேறு தரவால் மூடப்படும். இப்படி ஒற்றைப் பிட்டைப் பொறுக்கி எடுத்து மாற்றுவது அரிது. `-b -2`, `-b -3` என்று முந்தைய ஓட்டங்களையும் தேடினேன். இன்னோர் இரவில் முதல் ஊப்ஸ் `kmem_cache_alloc`-இல் வந்திருந்தது. செயற்கூறு வேறு, நிரல் வேறு, ஆனால் அங்கும் முகவரி `feff` என்றே தொடங்கியது.

அன்று மாலை லாரிகள் ஓய்ந்த பின் `Memtest86+` ஓட்டினோம். ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பிழை வரிகள் வந்தன. எதிர்பார்த்த மதிப்பும் கிடைத்த மதிப்பும் மேல்பைட்டின் அதே ஒரு பிட்டில் வேறுபட்டன. இரண்டு ரேம் பலகைகளில் ஒன்றைக் கழற்றி மறுபடி ஓட்டி, எது பழுது என்று பிரித்தோம். இந்தச் சோதனை பிழை காட்டினால் அதை நம்பலாம். காட்டாவிட்டால் ரேம் நலம் என்று முடிவு கட்டக் கூடாது. சூடேறிய பிறகே வெளிப்படும் பழுதுகள் உண்டு என்பதால் இரவு முழுவதும் ஓடவிடுங்கள்.

இதே கதை வேறுவிதமாகவும் அமைந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே செயற்கூறு, ஒரே தூரம், சுழியத்துக்கு அருகில் `0000000000000018` போன்ற முகவரி என்று வந்திருந்தால், அது பெரும்பாலும் நிரல்பிழை; ரேமை மாற்றிப் பயனில்லை. அப்போது முழு ஊப்ஸ் செய்தியையும், `uname -a` தரும் பதிப்பையும், `lsmod` தரும் மாட்யூல் பட்டியலையும், அண்மையில் எதை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து உங்கள் லினக்ஸ் வெளியீட்டின் பராமரிப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். செய்தியை வெட்டாதீர்கள். தேவையற்றதாகத் தெரியும் `Code:` வரியில் இடறிய இயந்திரக் கட்டளையே இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஊப்ஸைக் கண்டால், உடனே `dmesg` வெளியீட்டை வேறொரு கணினிக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுத்துவிட்டு, வேலையை நிறுத்தி, முறையாக மறுதொடக்கம் செய்யுங்கள். ஊப்ஸ் வந்த உடனேயே பேனிக் ஆக்கும் `kernel.panic_on_oops` என்ற அமைப்பைச் சிலர் பரிந்துரைப்பார்கள். செய்தியை வெளியே கொண்டுசேர்க்கும் வழி ஒன்றை வைக்காமல் அதைப் போட்டால், வட்டுக்குப் போகவிருந்த முதல் ஊப்ஸையும் சேர்த்து இழப்பீர்கள் என்பது என் கருத்து. `kernel.panic` மூலம் தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைத்தால் படம் எடுக்கவும் நேரம் இருக்காது. நினைவகப் படிமத்தையே எடுத்து வைக்கும் `kdump` சிறந்தது. ஆனால் அதற்கு ரேமில் ஒரு பகுதியை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும், சிறிய கணினிகளில் அது சுமை.

அதனால் அந்த ஆலையில் `netconsole` வைத்தேன். கெர்னல் தன் செய்திகளை வட்டை நம்பாமல் நேரடியாக வலைக்கம்பி வழியே அடுத்த கணினிக்கு அனுப்பும். வைஃபையை நம்ப வேண்டாம். கம்பி இணைப்பு வேண்டும்.

```
modprobe netconsole netconsole=@/enp3s0,6666@192.168.1.5/
dmesg -n 8
```

மறுமுனையில், கிராணியின் அறையில் இருக்கும் கணினியில் `nc -u -l 6666 >> kernel.log` ஓடுகிறது. மறுதொடக்கத்துக்குப் பின்னும் தானாக ஏறும்படி இவற்றைத் தொடக்க அமைப்பில் எழுதி வைத்தேன். ரேமை மாற்றிய பிறகு மாதம் ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறேன். இதுவரை அதில் வந்திருப்பவை, எடைச் சீட்டு அச்சிடும் பிரிண்டரைக் கழற்றி மாட்டிய வரிகள் மட்டுமே.