விளம்பரம் எத்தனை விற்றது? அமேசான் பக்கத்தின் விடுபட்ட கணக்கு

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் போட்டு, அதைத் தொடுகிறவரை நேராக அமேசானில் இருக்கும் உங்கள் பொருளின் பக்கத்துக்கு அனுப்புவது எளிது. அதனால் எத்தனை விற்றது என்று சொல்வதுதான் கஷ்டம். சொந்த இணையதளமாக இருந்தால், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தரும் பிக்சல் என்ற சிறு நிரலை அதில் வைத்துவிடலாம். எந்த விளம்பரம் வழியாக வந்தவர் வாங்கினார் என்பதை அது மெட்டாவுக்குத் தெரிவிக்கும். பொருளின் பக்கமோ அமேசானுடையது. அங்கே பிக்சல் வைக்க விற்பனையாளருக்கு வழியில்லை.

இதில் இன்னொரு நட்டமும் உண்டு. வாங்கியது யார் என்று தெரியாததால், வாங்கக்கூடியவர்களைத் தேட மெட்டாவால் கற்றுக்கொள்ள முடியாது. மலிவாக யார் சொடுக்குவார்கள் என்பதை மட்டுமே அது கற்கும். கை தவறித் தொடுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள்.

இந்த இருட்டில் அமேசான் தரும் விளக்குதான் அமேசான் ஆட்ரிபியூஷன். அமெரிக்கச் சந்தையில், பிராண்ட் ரெஜிஸ்ட்ரியில் வணிகப் பெயரைப் பதிவு செய்தவர்களுக்கு இது இலவசம். விளம்பர இணைப்பின் வாலில் `maas` என்று தொடங்கும் ஒரு டேக் ஒட்டிக்கொள்ளும். அந்த இணைப்பைச் சொடுக்கியவர் 14 நாட்களுக்குள் வாங்கினால் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் ஏறும். கூடவே பிராண்ட் ரெஃபரல் போனஸ் என்று, இப்படி வந்த விற்பனைத் தொகையில் சராசரியாக 10 சதவீதத்தை அமேசான் தன் கமிஷனில் கழித்துக்கொடுக்கிறது. அதற்காகவே டேக் போடலாம்.

ஆனால் டேக் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. இன்ஸ்டாகிராமில் ஒருவர் விளம்பரத்தைத் தொட்டால், பக்கம் பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே ஓர் உலாவியில் திறக்கிறது. அங்கே அவர் அமேசானில் உள்நுழைந்திருக்க மாட்டார். மூடிவிட்டு, சாயங்காலம் அமேசான் செயலியைத் திறந்து பொருளின் பெயரைத் தேடி வாங்குவார். அந்தச் சொடுக்கையும் இந்த வாங்கலையும் இணைக்கச் சான்று இல்லாததால் விற்பனை விடுபட்டுப் போகலாம். விளம்பரத்தைப் பார்த்ததோடு நிறுத்தி, சொடுக்காமல் பிறகு தேடி வந்தவரும் அப்படித்தான். மறுபக்கம், எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய ஒருவர் வழியில் கண்ட விளம்பரத்தைத் தொட்டுவிட்டு வாங்கினால், விளம்பரத்துக்கு ஓசியில் ஒரு விற்பனை சேர்கிறது. ஆக டேக்கின் எண் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். டேக்கை மட்டும் உற்றுப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். இந்த விற்பனை எங்கிருந்து வந்தது என்று தேடுவதை விட்டுவிட்டு, விளம்பரம் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை விற்றிருக்கும் என்று கேட்க வேண்டும். இதற்கு விடை தரும் தரவு விற்பனையாளர் கையிலேயே இருக்கிறது. ஆர்டர் அறிக்கையில் `ship-state` என்ற பத்தி, பொருள் எந்த மாநிலத்துக்குப் போனது என்று சொல்கிறது. மெட்டாவிலோ விளம்பரத்தைச் சில மாநிலங்களுக்கு மட்டும் காட்டலாம். இரண்டையும் சேர்த்தால் ஒரு சோதனை கிடைத்துவிடுகிறது. (அந்தப் பத்தியில் ஒரே மாநிலம் TX என்றும் Texas என்றும் வரும், ரத்தான ஆர்டர்களும் அறிக்கையில் கலந்திருக்கும். முதலில் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.)

25 டாலர் விலையில் தண்ணீர் பாட்டில் விற்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கற்பனைதான். அமெரிக்க மாநிலங்களை அவர் இரண்டு குழுவாகப் பிரிக்கிறார். விளம்பரம் தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரத்தில் முதல் குழுவில் 400, இரண்டாவதில் 320 விற்றிருந்தது. அடுத்த நான்கு வாரம் முதல் குழுவில் மட்டும் நாளுக்கு 50 டாலர், மொத்தம் 1,400 டாலர் செலவழித்து விளம்பரம் ஓடுகிறது. விளம்பரமே இல்லாத இரண்டாவது குழுவில் விற்பனை 336 ஆகிறது, அதாவது 5 சதவீத உயர்வு. சந்தையே அவ்வளவு ஏறியிருக்கிறது என்று கொண்டால், முதல் குழுவில் விளம்பரம் இல்லாமலே 420 விற்றிருக்கும். விற்றது 504. வித்தியாசம் 84. டேக்கோ 56 தான் காட்டியது.

இங்கேயே பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். முடிக்கக் கூடாது.

எதையும் மாற்றாவிட்டாலும் விற்பனை வாரத்துக்கு வாரம் தானாக ஏறி இறங்கும். தனித்தனி மனிதர்கள் தனித்தனியாக வாங்கும்போது, இந்த ஆட்டத்தின் அளவு ஏறத்தாழ விற்பனை எண்ணிக்கையின் வர்க்கமூலம். 400 விற்கும் இடத்தில் 20 கூடுவதும் குறைவதும் சாதாரணம். நம் கணக்கில் நான்கு எண்கள் இருக்கின்றன, நான்கும் ஆடும். எல்லாவற்றையும் சேர்த்தால் 84 என்ற விடையின் ஆட்டம் சுமார் 45. இதன் இரு மடங்கு வரை விலகல் வரலாம் என்று கொள்வது வழக்கம். அப்படியானால் உண்மை பூஜ்யத்திலிருந்து 170 சொச்சம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 1,400 டாலர் செலவழித்தும் ஒன்றும் தெரியவில்லை.

தீர்வு கூடுதல் பணம் அல்ல. அதே பணத்தைச் சிறிய இடத்தில் கொட்டுவது. நான்கு வாரத்தில் மொத்தம் 100 மட்டுமே விற்கும் சில மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து 1,400 டாலரையும் அங்கேயே செலவழிக்கிறார் என்று வைப்போம். மீதி 620 விற்கும் நாடு முழுவதும் ஒப்பீட்டுக் குழு. அங்கே 651 ஆக உயர்ந்தால், சோதனை மாநிலங்களில் எதிர்பார்ப்பது 105. அங்கே விற்றது 189. வித்தியாசம் இப்போதும் அதே 84, டேக் காட்டுவதும் அதே 56 என்று கொள்வோம். ஆனால் ஆட்டம் 18 ஆகச் சுருங்குகிறது. 420-இல் 84 என்பது சலசலப்பில் மறையக்கூடியது. 105-இல் 84 மறையாது. உண்மை இப்போது 47-க்கும் 121-க்கும் இடையில் இருக்கிறது.

அகலமான இடைவெளிதான், ஆனாலும் முடிவெடுக்க இது போதும். கமிஷன், டெலிவரி, பொருளின் அடக்கவிலை எல்லாம் போக ஒரு பாட்டிலில் 10 டாலர் மிஞ்சுகிறது என்றால், மிக நல்ல நிலையான 121-இலும் வருவது 1,210. டேக்கில் பதிவான 56 விற்பனைக்குப் போனஸ் 140. மொத்தம் 1,350. முதல் வாங்கலை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த விளம்பரம் கட்டுபடியாகாது. வாங்கியவர் திரும்ப வருகிற பொருளாக இருந்தால் கணக்கு வேறு.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. சிறிய இடத்தில் அதே மனிதர்கள் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால், பெரிய குழுவில் கிடைத்த அதே 84 அங்கேயும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோதனைக் காலத்தில் விலை, கூப்பன், அமேசானுக்குள் ஓடும் விளம்பரம் எதையும் தொடக் கூடாது. சரக்கும் தீரக் கூடாது. பிரைம் டே போன்ற நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது தேடல் வரிசை. அமேசான் அதன் கணக்கை வெளியிடுவதில்லை. அதிகம் விற்கும் பொருள் மேலே ஏறுகிறது என்பது விற்பனையாளர்கள் பொதுவாகச் சொல்வது. அது சரியென்றால், சோதனை மாநிலங்களில் கூடிய விற்பனை நாடு முழுவதும் பொருளை மேலே தூக்கும். ஒப்பீட்டுக் குழுவும் விளம்பரத்தால் பயனடைந்துவிடும், வித்தியாசம் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். இதைக் கவனிக்க, முக்கியமான நாலைந்து தேடல் சொற்களில் பொருளின் இடத்தைச் சோதனைக்கு முன்பும் பின்பும் குறித்து வைக்க வேண்டும். இடம் நகரவில்லை என்றால் 84-ஐ ஓரளவு நம்பலாம்.

அப்புறம் 84-ஐ 56-ஆல் வகுத்தால் 1.5 வருகிறது. வாராவாரம் சோதனை நடத்த முடியாது என்பதால், டேக் காட்டும் எண்ணை 1.5-ஆல் பெருக்கி அன்றாடக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். இதிலும் அதே ஆட்டம் இருக்கிறது: பெருக்கும் எண் 0.8 ஆகவும் இருக்கலாம், 2.2 ஆகவும் இருக்கலாம். விளம்பரப் படத்தையோ, காட்டும் கூட்டத்தையோ, விலையையோ மாற்றினால் அந்த 1.5 செல்லாது, சோதனையை மறுபடி நடத்த வேண்டும்.