வணக்கத்தை விடலாம், பெயரை விடாதீர்கள்

அலுவலக மின்னஞ்சல் எழுதப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன வாரம் ஒரு குழு என்னிடம் ஒரு பஞ்சாயத்தைக் கொண்டுவந்தது. இதே போல வருவது இந்த வருடத்தில் மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆண்டறிக்கை ஒன்று அச்சுக்குப் போக வேண்டும். மேலாளர், வடிவமைப்பாளர், மெய்ப்புப் பார்ப்பவர், கணக்குப் பிரிவில் ஒருவர் என நான்கு பேர் ஒரே மின்னஞ்சல் தொடரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் பத்து மின்னஞ்சலும் ‘அனைவருக்கும் வணக்கம்’ என்றே தொடங்கின. பதினோராவதில் மேலாளர் அவசரத்தில் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்: “கடைசிப் பக்கத்து எண்களை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். காலையில் அச்சுக்குப் போகிறது.”

யார் அந்த ‘நீங்கள்’? மேலாளர் மனதில் இருந்தது கணக்குப் பிரிவுக்காரர். மேலாளருக்கு முந்தைய பதிலை எழுதியவர் மெய்ப்புப் பார்ப்பவர் என்பதால், மேலாளர் அவரிடம்தான் சொல்கிறார் என்று கணக்குப் பிரிவுக்காரர் நினைத்தார். மெய்ப்புப் பார்ப்பவரோ, எண்கள் என்றால் கணக்குப் பிரிவின் பொறுப்பு என்று இருந்துவிட்டார். பழைய எண்களோடு அறிக்கை அச்சாகிவிட்டது. என்னிடம் வந்தபோது அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: “ஒவ்வொரு ரிப்ளையிலும் வணக்கம் போட்டிருந்தால் இது நடந்திருக்காது அல்லவா?”

நடந்திருக்கும். முதல் பத்தில் இருந்த வணக்கமும் யாரையும் குறிப்பிட்டுக் கூப்பிடவில்லையே. நம் மொழியில் ஒருவரை மரியாதையாகச் சொன்னாலும் ‘நீங்கள்’, நான்கு பேரைச் சேர்த்துச் சொன்னாலும் ‘நீங்கள்’. ‘சார்’ என்பதும் அப்படித்தான். தொடரில் இரண்டு சார் இருந்தால் அது யாரையும் கூப்பிடாது. இரண்டு பேருக்கு மேல் உள்ள தொடரில் வேலை சொல்லும் வரி, செய்ய வேண்டியவரின் பெயரோடு தொடங்க வேண்டும். இருபதாவது பதிலாக இருந்தாலும் சரி.

வணக்கம் வேறு, பெயர் வேறு. வணக்கம் மரியாதைக்கு, பெயர் அழைப்பதற்கு. தொடர் ஓடத் தொடங்கியதும் முதலாவது தேவையில்லாமல் போகும், இரண்டாவது போகாது. நம் ஆட்கள் செய்வது நேர்மாறு. பெயரை விட்டுவிட்டு வணக்கத்தை மட்டும் காப்பாற்றுகிறார்கள்.

‘வணக்கம் போடாவிட்டால் மரியாதைக் குறைவு’ என்ற நினைப்பை நான் எத்தனை முறை உடைத்தாலும் திரும்ப முளைக்கிறது. தபாலில் போகும் கடிதம் ஒவ்வொன்றும் தனி உறையில், தனியாகப் போய்ச் சேரும். அதற்குத் தனித் தொடக்கம் வேண்டும். மின்னஞ்சல் தொடர் ஒரே உரையாடல். கூட்டத்தில் உட்கார்ந்து பேசும்போது ஒவ்வொரு முறை வாய் திறக்கையிலும் கை கூப்புவீர்களா? பத்து நிமிட இடைவெளியில் போய்வரும் பதில்களில் “மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் மின்னஞ்சலுக்கு மிக்க நன்றி” என்று எழுதுவதும் அதுதான். கைப்பேசியில் அஞ்சல்பெட்டியைத் திறந்தால் தலைப்புக்குக் கீழே ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அந்த இடத்தை உங்கள் வணக்கம் அடைத்துக்கொண்டால், ‘சரி, அனுப்பலாம்’ என்ற பதிலைப் பார்க்க அவர் மின்னஞ்சலைத் திறந்தாக வேண்டும்.

அதற்காக நினைத்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். எதிரே இருப்பவர் வாடிக்கையாளர் அல்லது மேலதிகாரி என்றால் அவர் முதலில் விடட்டும். அவர் இரண்டு பதில் வணக்கம் இல்லாமல் எழுதிய பிறகு நீங்களும் விடலாம். சமமானவர்கள் என்றால் அன்றைய முதல் மின்னஞ்சலுக்கு ஒன்று போதும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ‘முடியாது’ என்று சொல்லும் மின்னஞ்சலில் முதல்முறையாக வணக்கத்தை விடாதீர்கள். எட்டுப் பதில் வரை வணக்கம் சொல்லிவிட்டு, ஒன்பதாவதில் “இந்தத் தேதிக்குள் முடியாது” என்று மொட்டையாகத் தொடங்கிய ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். அவருக்குக் கோபமே இல்லை, அவசரம் மட்டும்தான். வாடிக்கையாளருக்கு அது எப்படித் தெரியும்? நேராக அவருடைய மேலாளரைக் கூப்பிட்டு, “உங்கள் ஆளுக்கு என்மேல் என்ன கோபம்?” என்று கேட்டுவிட்டார்.

சில நாள் மௌனத்துக்குப் பிறகு தொடர் உயிர்பெற்றாலும், புதிதாக ஒருவரைச் சேர்த்தாலும் வணக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். புதியவரைப் பெயர் சொல்லி வரவேற்று, அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை அடுத்த வரியிலேயே எழுதுங்கள். முப்பது பழைய பதில்களைத் தோண்டி அவரே கண்டுபிடித்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த அறிக்கைக் குழுவுக்கு, அதே பதினோராவது மின்னஞ்சலைக் கணக்குப் பிரிவுக்காரரின் பெயரில் தொடங்கித் திருத்தி எழுதிக் காட்டினேன். ஒரு சொல்தான் கூடியது.