வெட்டகலம்: செருகு ஸ்டூல் வரைபவர்களுக்கு ஒரு சொல் விளக்கம்

கதவுப் பலகையில் பூவேலை செதுக்குவதற்காக வாங்கிய சீஎன்சி ரூட்டரில் ஆணியும் பசையும் இல்லாத செருகு ஸ்டூல் வெட்டிப் பார்க்கும் ஆசை வன்னியில் பல வேலைத்தளங்களுக்கு வந்திருக்கிறது. வெட்டிய துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை என்றால் உடனே வரும் கேள்வி, "தம்பி, கேர்ஃப் எவ்வளவு விட்டனீர்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் மூன்று வேறு விஷயங்கள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் ஸ்டூல் சரியாக வந்துவிடும்.

கேர்ஃப் என்பது பழைய ஆங்கிலத்தில் 'வெட்டு' என்ற பொருளில் வழங்கிய சொல். செதுக்குவதைக் குறிக்கும் 'கார்வ்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். முதலில் வெட்டையே குறித்த சொல், பிறகு வெட்டும்போது கருவி தூளாக்கி எடுத்துவிடும் அகலத்தைக் குறிக்கத் தொடங்கியது. வாளின் பற்களை இடமும் வலமுமாகச் சற்று வளைத்து விடுவார்கள். அதனால் வாளின் தகடு எவ்வளவு தடிப்போ அதைவிட வெட்டு அகலமாக விழும். 3 மி.மீ. அகலமாக வெட்டும் வட்ட வாளால் 600 மி.மீ. பலகையை நடுவில் அறுத்தால் 300, 300 கிடைக்காது, 298.5 மி.மீ. அளவில் இரண்டு துண்டுதான் கிடைக்கும். கோட்டுக்கு எந்தப் பக்கமாக வாளை ஓட்டுவது என்று ஓடாவிமார் பார்த்துப் பார்த்துச் செய்வது இதனால்தான்.

தமிழில் இதற்கு வெட்டகலம் என்பதே பொருத்தமான சொல் என்று நினைக்கிறேன். வெட்டு விழுந்த பள்ளத்தை வெட்டுத்தடம் என்றும், அந்தத் தடத்தின் அகலத்தை வெட்டகலம் என்றும் சொன்னால் குழப்பம் இருக்காது. 'வெட்டு இழப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பலகை எவ்வளவு வீணாகும் என்று கணக்குப் போட அது உதவும், ஆனால் ரூட்டர் வேலைக்குத் தேவைப்படுவது இழப்பு அல்ல, அகலம்.

ரூட்டருக்கு வரும்போது இந்தச் சொல்லின் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. லேசர் வெட்டியில் கதிர் வரைந்த கோட்டின் மேலேயே போவதாக வைத்துக்கொள்வோம். அது 0.2 மி.மீ. எரித்தால் துளை 0.2 பெரிதாகும், துண்டு 0.2 சிறிதாகும். அதனால் லேசரில் பழகியவர்கள் பலர் வெட்டகலத்தை வரைபடத்திலேயே கழித்துக்கொள்வார்கள். ரூட்டரில் வெட்டகலம் என்பது சுழன்று வெட்டும் பிட்டின் விட்டம், அதாவது 6 மி.மீ. பிட் என்றால் 6 மி.மீ. தடம். அதை வரைபடத்தில் கழிக்கும் வேலை நமக்கு இல்லை. கருவிப்பாதை எழுதும் மென்பொருளில் 'கோட்டுக்கு உள்ளே', 'கோட்டுக்கு வெளியே', 'கோட்டின் மேல்' என்று மூன்று தெரிவுகள் இருக்கும். துளைக்கு உள்ளே, துண்டுக்கு வெளியே என்று கொடுத்தால், அது பிட்டின் பாதி விட்டத்தைத் தானே தள்ளிப் பாதையை அமைத்துவிடும். லேசர் பழக்கத்தில் வரைபடத்திலும் ஒருமுறை கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். தெரிவை மறந்து கோட்டின் மேலேயே ஓடவிட்டால் துளை 6 மி.மீ. அகலமாகிவிடும். இந்த இரண்டு தவறும் கண்ணுக்கே தெரியும் என்பதால் அவற்றால் பெரிய கஷ்டம் இல்லை.

கஷ்டம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத பிழை. நாம் 6 மி.மீ. என்று மென்பொருளுக்குச் சொன்ன பிட் உண்மையில் 5.9 மி.மீ. வெட்டினால் என்ன ஆகும்? பாதை 3 மி.மீ. தள்ளிப் போகிறது, பிட் 2.95 மி.மீ. தான் எட்டுகிறது. ஒவ்வொரு சுவரிலும் 0.05 மி.மீ. மரம் மிஞ்சி நிற்கும். துளை 0.1 மி.மீ. ஒடுங்கும், அதே பிட்டால் வெட்டிய துண்டு 0.1 மி.மீ. பெருக்கும். ஆகவே ஒரு கழுந்தின் அகலமும் அது போய் இருக்கும் துளையின் நீளமும் தமக்குள் 0.2 மி.மீ. முட்டிக்கொள்ளும். பிட் தீட்டித் தேய்ந்திருந்தால் இப்படி ஒடுங்கும். சுழலும்போது மையம் விலகி ஆடினால் தடம் அகலமாகும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், கழிவுத் துண்டில் ஒரே ஓட்டமாக ஒரு நேர்கோடு வெட்டி, அந்தத் தடத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்து, கிடைத்த எண்ணையே பிட்டின் விட்டமாகக் கொடுக்க வேண்டும். அதுதான் உண்மையான வெட்டகலம்.

இனி இரண்டாவது விஷயம். கடையில் 18 மி.மீ. ஒட்டுப்பலகை என்று வாங்குவது பெரும்பாலும் 18 இருக்காது. ஒரே தாளிலேயே மூலைக்கு மூலை தடிப்பு மாறும். எட்டுக்கு நாலு தாள் ஒன்றின் விளிம்புகளில் 17.4, 17.5, 17.6, 17.5 என்று அளவு வருவதாக எடுத்துக்கொள்வோம். நடுவில் அளக்க முடியாது, அதனால் விளிம்பில் இன்னும் சில இடங்களில் பார்த்துக்கொள்வது நல்லது. இதில் மிகத் தடித்த 17.6 தான் நமக்குக் கணக்கு, சராசரி அல்ல. சராசரிக்கு வெட்டினால் தடித்த மூலை வரும் கழுந்து நுழைய மறுக்கும்.

அதன்மேல் எவ்வளவு இடம் விடுவது? இதற்குத் தமிழில் புதுச் சொல் தேட வேண்டியதே இல்லை. "இறுக்கமாக இருக்கு", "இளக்கமாக இருக்கு" என்று எந்த வேலைத்தளத்திலும் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். இளக்கம் என்பதையே கலைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம். கையால் அழுத்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கும் பொருத்துக்கு 0.15 மி.மீ. இளக்கத்தில் தொடங்கலாம்.

```
W = T + C
W = 17.6 + 0.15 = 17.75
```

இங்கே W துளையின் அகலம், T பலகையின் மிகப் பெரிய தடிப்பு, C இளக்கம். இந்தச் சமன்பாட்டில் வெட்டகலம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது மென்பொருளின் வேலை. இது வரைபவரின் வேலை.

மூன்றாவது சொல் டாலரன்ஸ். தாங்குதல், பொறுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. இலங்கையில் பொறுதி என்று எழுதலாம். பேச்சிலும் பொறுமைக்கு அந்தச் சொல் இருப்பதால் கேட்டவுடன் புரியும். இளக்கம் நாம் வேண்டுமென்றே விடும் இடம். பொறுதி, அளவு எவ்வளவு விலகினாலும் பொருத்து இன்னும் வேலை செய்யும் என்ற எல்லை. மேலே சொன்ன தாளில் தடிப்பு 17.4 முதல் 17.6 வரை போகிறது. 17.75 துளையில் தடித்த இடத்துக்கு 0.15 இளக்கம், மெல்லிய இடத்துக்கு 0.35. இந்த 0.35 உங்களுக்குப் பரவாயில்லையா என்பதே பொறுதிக் கேள்வி.

அதற்கு விடை ஸ்டூலின் வடிவத்தில் இருக்கிறது. 402 மி.மீ. உயரமும் 400 மி.மீ. அகலமும் உள்ள இரண்டு பலகைகள் நடுவில் குறுக்காக ஏறி நிற்கின்றன. ஒன்றில் மேலிருந்து பாதி வெட்டு, மற்றதில் கீழிருந்து பாதி வெட்டு. மேலே இருக்கைப் பலகை, அதில் நான்கு துளைகளும் அவற்றுக்குள் வரும் நான்கு கழுந்துகளும். குறுக்கு வெட்டில் பலகையைப் பிடிக்கும் ஆழம் அதன் தடிப்பு மட்டுமே, கிட்டத்தட்ட 17.5 மி.மீ. நடுவிலிருந்து காலின் நுனிக்கு 200 மி.மீ. இருக்கிறது. ஆகவே நடுவில் இருக்கும் இளக்கம் நுனியில் ஏறக்குறைய 11 மடங்காகும். 0.15 இளக்கம் நுனியில் 1.7 மி.மீ. ஆட்டம், 0.35 இளக்கம் 4 மி.மீ., அரை மி.மீ. விட்டால் 5.7 மி.மீ. இருக்கை போட்டபின் அதன் துளைகள் இந்தத் திருகலைத் தடுக்கும், ஆனால் அந்தச் சுமை முழுவதும் கழுந்துகளின் மேல் விழும். அதனால் நடுக் குறுக்கில் இளக்கத்தைச் சிக்கனமாகவும், இருக்கைத் துளைகளில் கொஞ்சம் தாராளமாகவும் விடுவேன். நான்கு கழுந்துகளும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும் என்பதால் இருக்கைக்குத் தாராளம் தேவையும்கூட.

துளையின் மூலைகளையும் சொல்லிவிட வேண்டும். சுழலும் பிட் சதுர மூலையை வெட்டாது, 6 மி.மீ. பிட் 3 மி.மீ. ஆரையில் வளைவு விட்டுச் செல்லும். கழுந்தின் சதுர மூலை அதில் போய் முட்டும். அகலம் சரியாக இருந்தும் பலகை கடைசி மி.மீ. வரை இறங்காமல் நிற்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம். மூலையில் ஒரு சிறிய வட்ட வெட்டுச் சேர்ப்பார்கள். வட்டத்தின் ஓரம் சரியாக மூலையைத் தொட வேண்டும் என்றால் அதன் மையம் மூலையிலிருந்து இரு பக்கமும் 2.12 மி.மீ. உள்ளே வர வேண்டும். வட்டத்தைப் பிட்டைவிட நூலளவு பெரிதாக வரைவது நல்லது; சரியாக 6 மி.மீ. வரைந்தால் சில மென்பொருள்கள் பிட் நுழையாது என்று விட்டுவிடும்.

முழுத்தாளையும் வெட்டும் முன் அதே தாளின் ஓரத்தில் ஒரு சோதனைத் துண்டு வெட்டுங்கள். 17.5, 17.6, 17.7, 17.8, 17.9 என்று ஐந்து வெட்டுகள், பக்கத்தில் 100 மி.மீ. அகலத்தில் ஒரு தனித் துண்டு. துண்டு 100.1 வந்து, 17.7 வெட்டு 17.6 வந்தால் பிட்டின் விட்டம் தவறு. துண்டும் ஒரு பெரிய துளையும் ஒரே விகிதத்தில் பெருத்தாலோ, நீளப் பக்கம் சரியாக இருந்து குறுக்குப் பக்கம் பிழைத்தாலோ இயந்திரத்தின் அச்சு அளவைத் திருத்த வேண்டும். இரண்டும் சொன்ன அளவிலேயே வந்து, பலகை மட்டும் போகவில்லை என்றால் தடிப்பை மீண்டும் அளவுங்கள். சுவரின் மேற்பக்கம் சரியாக இருந்து அடியில் ஒடுங்கினால் பிட் வளைகிறது, சுவரில் 0.3 மி.மீ. மிச்சம் விட்டு, கடைசியில் ஒரு மெல்லிய ஓட்டம் ஓட்டினால் நேராகும்.

நம் ஊர்க் காலநிலை இந்தக் கணக்கில் உண்டு. மாரியில் ஒட்டுப்பலகை ஈரம் வாங்கித் தடிக்கும். மரம் ஒரு சதவீதம் ஈரம் கூடினால் தடிப்புப் பக்கம் சுமார் 0.2 சதவீதம் வீங்கும். 17.5 மி.மீ. பலகைக்கு ஈரம் நான்கு சதவீதம் ஏறினால் 0.14 மி.மீ. நாம் விட்ட இளக்கம் முழுவதையும் அது ஏறக்குறையத் தின்றுவிடும். வெயில் காலத்தில் வெட்டிய ஸ்டூல் கார்த்திகையில் பிரிக்க முடியாமல் இறுகுவது இப்படித்தான். அடிக்கடி பிரித்து மடக்க வேண்டிய ஸ்டூலுக்குக் கோடையில் 0.25 வரை விடுங்கள், வெட்டு முகங்களுக்கு வார்னிஷ் கொடுங்கள். வார்னிஷும் தன் பங்குக்குத் தடிக்கும் என்பதால் சோதனைத் துண்டுக்கும் அதே வார்னிஷைப் பூசித்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை பூட்டி அப்படியே வைக்கப்போகும் ஸ்டூலுக்கு 0.15 போதும்.