கெயின் மார்ஜின் இரண்டு இருந்தும் ஏன் அதிர்கிறது?

பெஞ்சில் ஒரு மின்னோட்ட மூலம்: ஆப்-ஆம்ப், மாஸ்ஃபெட், கீழே ஒரு சென்ஸ் ரெசிஸ்டர். சிறிய ஸ்டெப் கொடுத்தால் ஸ்கோப்பில் மின்னோட்டம் முக்கால் பங்கு தாண்டிப் போய், சுமார் 310 கிலோஹெர்ட்ஸில் ஆடி ஆடித்தான் அடங்குகிறது. உடன் வேலை செய்யும் பையன் சொன்னான், "சார், கெயின் மார்ஜின் 2.1 வருது, போதுமே. கேட் ரெசிஸ்டரை இரண்டு மடங்காக்கிப் பார்க்கட்டுமா?" இந்த இரண்டு நம்பிக்கையையும் பல பெஞ்சுகளில் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தப்பு, அது ஏன் என்று போலார் பிளாட்டில், அதாவது லூப் கெயினின் அளவையும் கோணத்தையும் அதிர்வெண் ஏற ஏற ஒரே வளைவாக வரைந்த படத்தில், பளிச்சென்று தெரியும்.

இந்த லூப்பில் மூன்று போல்கள். ஆப்-ஆம்பின் முதல் போல் 10 ஹெர்ட்ஸ், கேட் ரெசிஸ்டரும் கேட்டின் கொள்திறனும் சேர்ந்து 100 கிலோஹெர்ட்ஸ், ஆப்-ஆம்பின் இரண்டாவது போல் 2 மெகாஹெர்ட்ஸ். டிசி லூப் கெயின் ஒரு லட்சம். ஒவ்வொரு போலும் அதிகபட்சம் 90 டிகிரி பின்தள்ளும், ஆக மொத்தம் 270-க்குள்தான். அதனால் வளைவு எதிர்ம எக்ஸ் அச்சை ஒரே ஒரு தடவைதான் வெட்டும். திறந்த லூப் தானே நிலையாக இருப்பதால் விதி எளிது: அந்த வெட்டு −1-க்கு வலப்பக்கம், அதாவது −1-க்கும் 0-க்கும் நடுவில் விழுந்தால் நிலையானது, இடப்பக்கம் போனால் ஆசிலேட்டர்.

முதலில் தடுக்கி விழுகிற இடம் ஸ்கேல். சிமுலேட்டரை அப்படியே விட்டால் ஒரு லட்சம் விட்டமுள்ள அழகான அரைவட்டம் ஒன்றை வரைந்து கொடுக்கும். நமக்கு வேண்டிய −1 எல்லாம் ஆதிப்புள்ளியோடு ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. இரண்டு அச்சையும் −2 முதல் 2 வரை குறுக்கிவிட்டுப் பாருங்கள். அப்புறம் குறி: உங்கள் லூப் அளவீட்டில் ஃபீட்பேக்கின் தலைகீழாக்கலும் சேர்ந்திருந்தால் வளைவு இடப்பக்கம் ஆரம்பிக்கும், அப்போது பார்க்க வேண்டிய புள்ளி +1. நைக்விஸ்டின் 1932 கட்டுரையிலேயே அது +1-தான்.

சரி, குறுக்கியாயிற்று. வளைவு 447 கிலோஹெர்ட்ஸில் அச்சை −0.476-ல் வெட்டுகிறது. 1/0.476 = 2.1, கெயின் இன்னும் அத்தனை மடங்கு ஏறினால்தான் வெட்டு −1-ஐத் தொடும், அதுதான் கெயின் மார்ஜின், பையன் சொன்னது சரிதான். ஆனால் அங்கே வருவதற்கு முன்னால் வளைவு எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். கீழிருந்து, −1-க்கு அடியிலேயே உரசிக்கொண்டு வருகிறது. 307 கிலோஹெர்ட்ஸில் அளவு 1 ஆகும்போது 180-க்கு இன்னும் 9 டிகிரிதான் பாக்கி, அதுதான் பேஸ் மார்ஜின். −1-லிருந்து மிகக் குறைந்த தூரத்தை எண்ணாகவே எடுத்துவிடலாம்:

```python
import numpy as np
f = np.logspace(4, 7, 20000)
L = 1e5/((1+1j*f/10)*(1+1j*f/1e5)*(1+1j*f/2e6))
d = abs(1+L)
i = d.argmin()
print(f[i], d[i])
```

315 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் 0.156 வரும். L என்பது லூப் கெயின்; மூடிய லூப்பில் 1+L கீழே வகுத்தியாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் அந்த அதிர்வெண்ணில் வரும் தொந்தரவு ஆறு மடங்குக்கு மேல் பெருகும். ஸ்கோப்பில் ஆடியது இதுதான். (இந்த எண் தூரத்தை மட்டும்தான் சொல்லும். எந்தப் பக்கம் என்பதைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.)

இப்போது கேட் ரெசிஸ்டரை இரண்டு மடங்காக்குவோம். கேட்டின் போல் 100-லிருந்து 50 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. கெயின் மார்ஜின் 2.05, கிட்டத்தட்ட அசையவே இல்லை, ஏனென்றால் போல்கள் இப்படி விலகி இருக்கும்போது நிலை குலைகிற கெயின் ஏறக்குறைய 2 மெகாவுக்கும் 10 ஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதம்தான், நடுப் போல் அதில் பெரிதாகத் தலையிடாது. ஆனால் பேஸ் மார்ஜின் 9-லிருந்து ஆறரை டிகிரிக்குப் போய்விட்டது. வளைவு −1-ஐ இன்னும் நெருங்குகிறது, அதிர்வு மெதுவாகி இன்னும் நீள்கிறது. எதிர்த்திசையில், ரெசிஸ்டரைப் பத்தில் ஒன்றாக்கினால் போல் 1 மெகாவுக்கு ஏறி பேஸ் மார்ஜின் 33 டிகிரி கிடைக்கும். பரவாயில்லை, ஆனால் நான் அதோடு விடமாட்டேன்.

நான் செய்வது, பழைய கேட் ரெசிஸ்டரையே வைத்துக்கொண்டு, சென்ஸ் ரெசிஸ்டரிலிருந்து எதிர்ம உள்ளீட்டுக்கு வரும் வழியில் ஒரு ரெசிஸ்டரும், ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து அதே உள்ளீட்டுக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டரும் போட்டு முதல் போலை 1 ஹெர்ட்ஸுக்கு இறக்குவது. −1-ஐச் சுற்றிய பகுதியைப் பொறுத்தவரை இது கெயினைப் பத்தில் ஒன்றாக்கியதற்குச் சமம்: கோணங்கள் மாறாது, படம் மட்டும் மையத்தை நோக்கிச் சுருங்கும். வெட்டு −0.05-க்குக் கிட்டே வந்துவிட்டது, பேஸ் மார்ஜின் 50 டிகிரி. விலையும் உண்டு, லூப்பின் வேகம் 307-லிருந்து 79 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பையன் ஸ்கோப்பில் அதைப் பார்த்துவிட்டு, "மெதுவாயிடுச்சு சார்" என்றான். ஆமாம், ஆனால் ஆடவில்லை.